48,000 வெள்ளி: ஒரே தடவையா, மாதாமாதமா? எங்கள் வீட்டு விவாதத்தைத் தீர்த்து வையுங்கள்

செங்காங்வாசி · சனிக்கிழமை, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31, மனைவிக்கு 29. திருமணமாகி ஒன்றரை ஆண்டுகள் ஆகின்றன. திருமண மொய், இருவருடைய போனஸ், அதற்கு முன்பு அவரவர் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 48,000 வெள்ளி சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது. ஆறு மாதச் செலவுக்கான அவசரத் தொகையை இதில் சேர்க்கவில்லை. இந்தப் பணம் இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உலகப் பங்குச் சந்தைகளைப் பின்தொடரும் ஒரு குறியீட்டு நிதியில் போடுவது என்பதிலும் ஒற்றுமைதான்.

சண்டை, எப்படிப் போடுவது என்பதில். மனைவி ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். "போடுவது என்று முடிவெடுத்த பிறகு ஏன் காத்திருக்க வேண்டும், திங்கட்கிழமையே முழுவதையும் போட்டுவிடலாம்" என்பது அவருடைய வாதம். நானோ மாதம் 4,000 வெள்ளியாகப் பிரித்துப் பன்னிரண்டு மாதங்களில் போடலாம் என்கிறேன். முழுவதையும் போட்ட மறுவாரமே சந்தை விழுந்தால் என்னால் தாங்க முடியாது என்பதுதான் உண்மையான காரணம். இதை அவரிடம் சொன்னால், "பயம் வேறு, கணக்கு வேறு" என்கிறார். மூன்று வாரங்களாக இரவுச் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. யார் சொல்வது சரி?

---

ஈசூன்_அக்கா · ஞாயிறு, காலை 7.15

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாதாமாதம்தான் சரி. நான் 2013 முதல் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த மறுநாள் 300 வெள்ளியை வங்கியின் மாதாந்தர முதலீட்டுத் திட்டத்தில், சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டு நிதியில் போட்டு வருகிறேன். கொவிட் காலத்தில்கூட நிறுத்தவில்லை. இன்று அந்தத் தொகை என் மகளின் பல்கலைக்கழகச் செலவுக்குப் போதுமானதாக இருக்கிறது. மொத்தமாகப் போடுகிறவர்கள் சூதாடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

---

மாதத்தவணை · ஞாயிறு, காலை 9.02

நானும் உங்கள் பக்கம்தான். அதற்குக் கணக்கு வழியாகவே காரணம் சொல்ல முடியும். ஒரு நிதியின் விலை இந்த மாதம் 10 வெள்ளி, அடுத்த மாதம் 5 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 100 வெள்ளி போட்டால் முதலில் 10 அலகுகளும் பிறகு 20 அலகுகளும் கிடைக்கும். மொத்தம் 200 வெள்ளிக்கு 30 அலகுகள், அதாவது ஓர் அலகுக்கு 6 வெள்ளி 67 காசு. ஆனால் இரண்டு மாத விலைகளின் சராசரியோ 7 வெள்ளி 50 காசு. விலை எந்த வரிசையில் ஏறி இறங்கினாலும் மாதத் தவணையில் வாங்குபவரின் கொள்முதல் விலை சராசரி விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏற்ற இறக்கம் அதிகமானால் இந்த லாபமும் அதிகமாகும். ஆகவே உங்கள் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், விவாதம் முடிந்துவிடும்.

---

பழையகணக்கர் · ஞாயிறு, பிற்பகல் 2.30

ஓய்வு பெறும்வரை ஓய்வூதிய நிதிகளின் கணக்கோடு வாழ்ந்தவன் நான், அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அக்காவுக்கு. நீங்கள் செய்வது நல்ல செயல், ஆனால் தம்பி கேட்ட கேள்வி அதுவல்ல. உங்கள் 300 வெள்ளி சம்பளத்திலிருந்து வந்தவுடனேயே சந்தைக்குள் போய்விடுகிறது. உங்களிடம் இருந்த பணத்தை நீங்கள் ஒரு நாள்கூடக் காக்க வைக்கவில்லை. சரியாகச் சொன்னால், நீங்கள் ஒவ்வொரு மாதமும் மொத்தமாகப் போடுகிறவர். தம்பியிடம் 48,000 வெள்ளி இன்றே கையில் இருக்கிறது. அதை வேண்டுமென்றே வெளியே நிறுத்தி வைப்பதா என்பதுதான் கேள்வி.

மாதத்தவணை அவர்களின் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அவர் எதனோடு ஒப்பிடுகிறார் என்று பாருங்கள். 7 வெள்ளி 50 காசு என்ற சராசரி விலையில் யாரும் வாங்கவில்லை. மொத்தமாகப் போடுகிறவர் முதல் நாள் விலையில் வாங்குகிறார். அவருடைய எடுத்துக்காட்டில் விலை 10-இலிருந்து 5-க்கு விழுந்ததால் மாதத் தவணை வென்றது. அதையே 5-இலிருந்து 10-க்கு ஏறியதாகத் திருப்பிப் போடுங்கள். மாதத் தவணைக்காரரின் கொள்முதல் விலை அதே 6.67 தான், மொத்தமாகப் போட்டவரின் விலையோ 5.

உண்மையான இரண்டு ஆண்டுகளை எடுத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் மாத இறுதிப் புள்ளிகளைக் கொண்டு போட்ட கணக்கு இது. ஈவுத்தொகையையும் நாணய மாற்றத்தையும் விட்டுவிட்டேன். 2022-ஆம் ஆண்டு தொடக்கத்தில் குறியீடு 4,766 புள்ளிகளில் இருந்தது, ஆண்டு முடிவில் 3,840. முதல் நாளே 48,000 போட்டவரிடம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 38,700 இருந்திருக்கும். மாதம் 4,000 போட்டவரிடம் ஏறத்தாழ 44,600. கணவர் ஏறக்குறைய 6,000 வெள்ளி வித்தியாசத்தில் வெல்கிறார். அடுத்த ஆண்டு, 2023-இல், அதே குறியீடு 3,840-இலிருந்து 4,770-க்கு ஏறியது. இப்போது மொத்தமாகப் போட்டவரிடம் ஏறத்தாழ 59,600, மாதாமாதம் போட்டவரிடம் 54,100. மனைவி 5,500 வெள்ளி வித்தியாசத்தில் வெல்கிறார்.

எந்த ஆண்டு வரப்போகிறது என்று தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், ஏறிய ஆண்டுகள் விழுந்த ஆண்டுகளைவிட அதிகம். வேன்கார்ட் நிறுவனம் 2012-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நீண்ட காலத் தரவுகளை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்தது. பன்னிரண்டு மாதங்களில் பிரித்துப் போடுவதைவிட மொத்தமாகப் போடுவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவை வென்றிருந்தது. மனைவியின் பக்கம் இருப்பது இந்த மூன்றில் இரண்டு. கணவரின் பக்கம் இருப்பது மீதி ஒன்று, ஆனால் வலிக்கும்போது அதிகமாக வலிப்பது அதுதான்.

---

புக்கிட்பாத்தோக்காரர் · ஞாயிறு, மாலை 6.10

ஆய்வு எல்லாம் சரி ஐயா. நான் பட்டதைச் சொல்கிறேன். 2007 அக்டோபரில், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 3,800-ஐத் தாண்டி நின்ற அதே மாதத்தில், 30,000 வெள்ளியை ஒரே நாளில் போட்டேன். 2009 தொடக்கத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. என் மனைவி அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார், என் நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டது. பிப்ரவரியில் விற்றேன். மார்ச் மாதத்தில் குறியீடு 1,500-க்கும் கீழே போய், அங்கிருந்து திரும்பி ஏறியது. அந்த 2007 உச்சத்தைக் குறியீடு மறுபடி தாண்டியது 2025-இல்தான். தம்பி, மொத்தமாகப் போடாதே. மனைவி சொன்னாலும் போடாதே.

---

செங்காங்வாசி · திங்கட்கிழமை, இரவு 10.25

எல்லோருக்கும் நன்றி. பழையகணக்கர் ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு நேற்றிரவு என் மனைவி ஒரு விளையாட்டு நடத்தினார். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எஸ் அண்ட் பி குறியீடு 2022-இல் ஒவ்வொரு மாதமும் எத்தனை விழுக்காடு ஏறியது, இறங்கியது என்பதைத் தாள் நாட்காட்டியில் கிழித்த பக்கத்தின் பின்புறம் வரிசையாக எழுதினார். அதன்மேல் கரண்டி வைக்கும் தட்டை வைத்து மூடினார். எந்த ஆண்டு என்று சொல்லவில்லை (நான் ஊகித்திருக்க வேண்டும், ஊகிக்கவில்லை). பிறகு ஒவ்வொரு மாதமாகத் தட்டை நகர்த்தி, "இப்போது அடுத்த 4,000-ஐப் போடுவீர்களா?" என்று கேட்டார்.

முதல் மாதம் 5 விழுக்காடு இறக்கம். போடுவேன் என்றேன், மலிவாகக் கிடைக்கிறதே. இரண்டாம் மாதம் மேலும் 3 இறக்கம். போடுவேன். மூன்றாம் மாதம் கொஞ்சம் ஏற்றம். போடுவேன். நான்காம் மாதம் ஏறத்தாழ 9 விழுக்காடு இறக்கம். போட்டேன், ஆனால் குரல் இறங்கிவிட்டது என்று மனைவி சொல்கிறார். ஐந்தாம் மாதம் அசையவே இல்லை. ஆறாம் மாதம் மறுபடி 8 விழுக்காட்டுக்கும் மேல் இறக்கம். அந்த இடத்தில் நான், "இந்த ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்" என்றேன்.

தட்டு நகர்ந்தது. ஏழாம் மாதம் 9 விழுக்காடு ஏற்றம்.

எட்டாம் மாதத்துக்கு மறுபடி உள்ளே வந்தேன், ஒன்பதாம் மாதத்துக்கும் போட்டேன். அந்த இரண்டு மாதங்களிலும் இறக்கம், அதிலும் செப்டம்பரில் 9 விழுக்காட்டுக்கும் மேல். மறுபடி நிறுத்தினேன். அக்டோபரில் 8 விழுக்காடு ஏற்றம்.

என் மனைவி சிரிக்கவில்லை, அதுதான் மோசம். அமைதியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் நிறுத்திய இரண்டு தடவையும்தான் அந்த ஆண்டின் மிகக் குறைந்த இரண்டு மாத இறுதி விலைகள். அந்த 8,000 வெள்ளி சேமிப்புக் கணக்கிலேயே இருந்திருந்தால் 2023 முடிவிலும் அது 8,000 தான். திட்டப்படி போட்டிருந்தால் 10,300-க்கும் மேல் ஆகியிருக்கும். "நீங்கள் கேட்பது மாதத் தவணை இல்லை. ஒவ்வொரு மாதமும் பயப்பட ஒரு வாய்ப்பு. பன்னிரண்டு தடவை கேட்கிறீர்கள்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் மொத்தமாகப் போட மனம் வரவில்லை.

---

மாதத்தவணை · திங்கட்கிழமை, இரவு 11.05

ஐயா திருத்தியதை ஒப்புக்கொள்கிறேன், சராசரி விலையோடு ஒப்பிட்டது என் தவறு. ஆனால் இந்த விளையாட்டு நிரூபிப்பது வேறு ஒன்றை. வங்கியில் தானியங்கிக் கழிவாக ஏற்பாடு செய்துவிட்டால் அவர் எந்த மாதமும் யோசிக்க வேண்டியதே இல்லை. குறை மாதத் தவணையில் இல்லை, கையால் போடுவதில்தான் இருக்கிறது.

---

செங்காங்வாசியின்மனைவி · செவ்வாய், காலை 8.20

வணக்கம். ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறேன். அவர் எழுதியது எல்லாம் உண்மைதான், ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். போன ஆண்டு முன்னோட்டமாக 2,000 வெள்ளிக்கு ஒரு நிதி வாங்கினோம். கோடைக் காலத்தில் அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி இரவு 9.30-க்குத் திறக்கும். 9.30-இலிருந்து 10 மணிவரை இவர் பாத்திரம் கழுவும் இடத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்பார். ஒரே தட்டை மூன்று தடவை கழுவியதை நான் பார்த்திருக்கிறேன். முதலீடு 150 வெள்ளி குறைந்ததும் என்னிடம் சொல்லாமல் விற்றுவிட்டார்.

தானியங்கிக் கழிவு வைத்தாலும் அதை நிறுத்த இரண்டு தொடுகை போதும். இன்னொன்று, புக்கிட்பாத்தோக்காரர் அண்ணனின் அனுபவத்தைப் படித்தபின் எனக்கும் உறுதி குலைந்துவிட்டது. மூன்றில் இரண்டு என்பது ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் ஒரே ஒரு தடவைதான் இந்தப் பணத்தைப் போடப் போகிறோம்.

---

பழையகணக்கர் · செவ்வாய், இரவு 9.50

அம்மா, நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் இந்த இழையிலேயே சரியான வரி. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

புக்கிட்பாத்தோக்காரர் மன்னிக்க வேண்டும், உங்கள் அனுபவத்தையே எடுத்துக்கொள்கிறேன். அந்த 30,000 வெள்ளியை நீங்கள் மொத்தமாகப் போடாமல், 2007 அக்டோபரில் தொடங்கி மாதம் 2,500 என்று பன்னிரண்டு மாதங்களில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசித் தவணை 2008 செப்டம்பர். அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் திவாலானது அதே மாதம் 15-ஆம் தேதி. அடுத்த மாதம், அக்டோபர் 2008-இல், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு ஒரே மாதத்தில் ஏறத்தாழ கால்வாசி விழுந்தது. அதாவது உங்கள் பணம் முழுவதும் உள்ளே போய்ச் சேர்ந்த மறுமாதமே மிகப் பெரிய அடி விழுந்திருக்கும். சராசரிக் கொள்முதல் விலை குறைந்திருக்கும், இழப்பும் ஓரளவு குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2009 பிப்ரவரியில் ஆட்குறைப்புப் பேச்சும் கர்ப்பிணி மனைவியுமாக இருந்த அந்த மனிதர் அப்போதும் விற்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மாதத் தவணையைப் பற்றிப் பேசும்போது யாரும் கேட்காத கேள்வி இதுதான்: பதின்மூன்றாம் மாதம் என்ன ஆகும்?

பன்னிரண்டு தவணைத் திட்டத்தில் முதல் மாதம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் சந்தையில் இருக்கிறது, கடைசி மாதம் முழுவதும் இருக்கிறது. அந்த ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் பாதிக்குச் சற்று அதிகமான பணம்தான் சந்தையில் இருந்தது. மீதி, சராசரியாக 22,000 வெள்ளி, வெளியே கிடந்தது. மாதாமாதம் போடுகிறவருக்கு அந்த ஆண்டு அமைதியாகத் தோன்றுவதன் ரகசியம் முழுவதும் இதுதான். அவர் ஏற்ற இறக்கத்தை வெல்லவில்லை, பாதிப் பணத்தை வைத்து அதைச் சந்தித்தார், அவ்வளவே. 2022-இல் குறைவாக இழந்ததற்கும் 2023-இல் குறைவாகச் சம்பாதித்ததற்கும் காரணம் ஒன்றேதான்.

ஆனால் பதின்மூன்றாம் மாதத்திலிருந்து அவரும் முழுவதுமாக உள்ளே இருக்கிறார். அடுத்த பதினான்கு ஆண்டுகளுக்கும் அவருடைய பணம் மனைவியின் பணம் ஆடுவதைப் போலவே ஆடும். 2020-இல் பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் இடையே எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 34 விழுக்காடு விழுந்தது. 48,000 வெள்ளிக்கு அது 16,300 வெள்ளி இழப்பு, ஐந்தே வாரத்தில். 34 விழுக்காடு விழுந்த பணம் பழைய நிலைக்கு வர 34 விழுக்காடு ஏறினால் போதாது, 51-க்கும் மேல் ஏற வேண்டும். அந்தத் தடவை ஆகஸ்ட் மாதத்துக்குள் ஏறிவிட்டது. 2007-இல் தொடங்கிய வீழ்ச்சியில் அதே குறியீடு 57 விழுக்காடு விழுந்தது, பழைய உச்சத்தைத் தொட 2013 ஆகிவிட்டது.

150 வெள்ளிக்கு விற்ற தம்பி 16,300 வெள்ளிக்கு என்ன செய்வார்? பன்னிரண்டு மாதத் தவணை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஓராண்டு தள்ளிப் போடுகிறது.

ஆகையால் நீங்கள் இருவரும் மூன்று வாரமாக வாதாடுவது தவறான கேள்வியைப் பற்றி என்பது என் எண்ணம். எப்படிப் போடுவது என்பதை விடுங்கள், எவ்வளவு போடுவது என்று கேளுங்கள். இன்றிரவு இருவரும் தனித்தனியாக ஒரு துண்டுத் தாளில், "இவ்வளவு வெள்ளி குறைந்தாலும் நான் விற்க மாட்டேன்" என்று ஓர் எண்ணை எழுதுங்கள். விழுக்காட்டில் எழுதாதீர்கள். விழுக்காடு வலிப்பதில்லை, வெள்ளிதான் வலிக்கிறது.

---

தெம்பனிஸ்தம்பி · செவ்வாய், இரவு 10.40

குறுக்கே ஒரு சந்தேகம். தரகுக் கட்டணத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே. என் தரகு நிறுவனத்தில் ஒரு தடவை வாங்கக் குறைந்தபட்சம் 10 வெள்ளி. பன்னிரண்டு தவணை என்றால் 120 வெள்ளி, 4,000-க்குக் கால் விழுக்காடு. இன்னொன்று, உங்களுக்கு அரசாங்கத்தின் புது பிடிஓ வீட்டுக்கான சாவி வரவேண்டி இருக்கிறதா? புதுப்பிப்புச் செலவு இந்த 48,000-இல் அடங்கியிருந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் 20,000-க்கு மேல் உள்ளதையும் முதலீடு செய்யலாமே?

---

செங்காங்வாசி · செவ்வாய், இரவு 11.15

மறுவிற்பனை வீடு வாங்கிக் குடியேறிவிட்டோம் தம்பி, புதுப்பிப்பும் முடிந்துவிட்டது. மத்திய சேம நிதியைத் தொடும் எண்ணம் இல்லை. அங்கே 2.5 விழுக்காடு எந்த ஆட்டமும் இல்லாமல் வருகிறது, வீட்டுக் கடனும் அதிலிருந்துதான் போகிறது. கட்டணக் கணக்குக்கு நன்றி, எங்கள் நிறுவனத்தில் அதைவிடக் குறைவு, அதனால் அது தீர்மானிக்கும் காரணமாக இருக்காது.

எண் எழுதிவிட்டோம். நான் எழுதியது 6,000. அவர் எழுதியது 15,000. தாள்களைத் திறந்ததும் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

---

மாதத்தவணை · புதன்கிழமை, காலை 7.50

ஐயாவின் பதின்மூன்றாம் மாத வாதம் வலுவானது. ஆனால் ஒரு விஷயத்தில் நான் இன்னும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. முதல் ஆண்டில் விழும் அடியும் ஐந்தாம் ஆண்டில் விழும் அடியும் ஒன்றல்ல. ஐந்தாம் ஆண்டில் ஏற்கெனவே கொஞ்சம் லாபம் சேர்ந்திருக்கும், சந்தையைப் பார்த்துப் பழகியும் இருப்பார்கள். முதல் மாதத்திலேயே 34 விழுக்காடு விழுந்தால் ஒரு புதிய முதலீட்டாளர் வாழ்நாள் முழுவதும் திரும்பி வரமாட்டார். கணக்கில் 5,000 வெள்ளி குறைந்தாலும், அவரைச் சந்தையில் நிலைக்க வைப்பதற்கு அது ஒரு கட்டணம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

---

பழையகணக்கர் · புதன்கிழமை, மாலை 5.30

இதை என்னால் தள்ள முடியவில்லை. சேர்ந்த லாபம் மெத்தையாக இருக்கும் என்பது எப்போதும் நடப்பதில்லை. ஆனால் பழக்கம் என்பது உண்மை. அதை எந்தச் சூத்திரத்திலும் அடக்க எனக்குத் தெரியவில்லை. ஓராண்டு காத்திருப்பது அதற்கு மிக நீளம் என்பது மட்டும் என் கருத்து, நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். 6,000-க்கும் 15,000-க்கும் நடுவே 10,000 என்று வைத்துக்கொண்டால், 2020 அளவிலான வீழ்ச்சிக்கு ஏறத்தாழ 29,000 வெள்ளிதான் பங்குகளில் இருக்கலாம். 34 விழுக்காடு என்பது மோசமானவற்றில் மோசமானது அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். பாதியாக விழுந்தால் அதே 29,000 வெள்ளியில் 14,500 போய்விடும், அது அம்மா எழுதிய எண்ணுக்கு அருகில்தான். மீதியைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் வைக்கலாம். 500 வெள்ளி முதல் வாங்கலாம், எந்த மாதமும் அபராதம் இல்லாமல் திரும்பப் பெறலாம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 2 வெள்ளிதான் கட்டணம். பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் கைக்கு வரும், அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

கைப்பேசிச் செயலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் பார்த்தால், ஏறிய நாள் பாதிக்குச் சற்று மேல், இறங்கிய நாள் பாதிக்குச் சற்றுக் கீழ், நாணயம் சுண்டுவது போலத்தான். ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவர் நான்கில் ஏறக்குறைய மூன்று தடவை ஏற்றத்தைப் பார்ப்பார். சந்தை ஒன்றுதான், பார்க்கும் கடிகாரம்தான் வேறு. பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பவர் அந்தச் சந்தையின் மிகக் கரடுமுரடான வடிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

---

புக்கிட்பாத்தோக்காரர் · புதன்கிழமை, இரவு 8.45

ஐயா சொன்ன 2008 செப்டம்பர் விஷயத்தை நேற்றிரவிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக மொத்தமாகப் போட்டதுதான் தவறு என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். கையில் மூன்று மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லாமல் 30,000-ஐயும் போட்டதுதான் தவறாக இருக்கலாம். என் மனைவி அப்போதே இதைச் சொன்னார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

---

செங்காங்வாசியின்மனைவி · பதினெட்டு நாட்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 4.00

நிலவரம் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்காக எழுதுகிறேன். 28,800 வெள்ளி பங்குக் குறியீட்டு நிதிக்கு, 19,200 வெள்ளி சேமிப்புப் பத்திரத்துக்கு என்று முடிவானது. அந்த 28,800-ஐ ஒரே தடவை போடலாம் என்று நான் சொன்னேன், மாதத்தவணை அவர்களின் கடைசிப் பதிவைக் காட்டி இவர் மறுத்தார். இரண்டு பகுதி, இடையில் ஒரு மாதம் என்று சமரசம். கணக்குப்படி இதற்கு ஆதாரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதல் 14,400 போட்டு இன்றைக்குப் பன்னிரண்டு நாட்கள். சந்தை 4 விழுக்காடு இறங்கியிருக்கிறது, அதாவது 576 வெள்ளி. செயலியை இவர் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டோம், என்னுடையதில் மட்டும் இருக்கிறது. இவர் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் செய்தியில் பார்த்துவிட்டு அந்த 576-ஐ நாட்காட்டியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். விற்கலாமா என்ற பேச்சு வரவில்லை. இரண்டாவது பகுதியை ஒரு வாரம் முன்னதாகப் போடலாமா என்று நேற்றுக் கேட்டார். விலை குறைந்திருக்கிறதாம். வேண்டாம், எழுதிய தேதியில்தான் என்று சொல்லிவிட்டேன். இதில் நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

---

மாதத்தவணை · ஞாயிறு, மாலை 5.20

சரிதான். இறங்கியதால் முன்னதாகப் போடுகிறவர், அடுத்த தடவை இறங்கியதால் பின்னதாகப் போடுவார்.

---

ஈசூன்_அக்கா · ஞாயிறு, இரவு 9.10

இழையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். பழையகணக்கர் ஐயா, எனக்கு ஒரு கேள்வி. மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பணம் முழுவதும் அந்த நிதியில்தான் இருக்கிறது. வெளியே எடுப்பதை மட்டும் மொத்தமாகச் செய்வதா, மாதாமாதம் செய்வதா?